மாசம் 2000 திர்ஹம் அனுப்பினால், ரேட் மாற்றம் வருஷத்துக்கு எவ்வளவு சேரும்?

சோனாப்பூர்_மணி

துபாயில் வேலை. சம்பளம் ஏறியதும் ஊருக்கு 2000 திர்ஹம் போடுகிறேன். வீட்டுக் கடன் தவணை 36,000, வீட்டுச் செலவு 10,000, ஆக மாசம் 46,000 ரூபாய் போய்ச் சேரணும். இப்போது 23.80 ரேட்டில் 47,600 கிடைக்கிறது, சமாளிக்கலாம்.

கேள்வி இதுதான். மாசத்துக்கு மாசம் ரேட் இருபது முப்பது பைசாதான் அசைகிறது. பன்னிரண்டு மாசம் சேர்த்துப் பார்த்தால் அது பெரிய தொகை ஆகுமா, இல்லை ஏறி இறங்கிச் சரியாகிவிடுமா?

ரேட்வேட்டை

இதற்கு இவ்வளவு யோசனை எதற்கு? ஒரே நேரத்தில் மூன்று எக்ஸ்சேஞ்ச் ஆப்பைத் திறந்து பாருங்கள், எதில் கூடக் காட்டுகிறதோ அதில் போடுங்கள். சனி ஞாயிறு போடாதீர்கள். அன்றைக்கு இந்தியச் சந்தை மூடியிருக்கும். திங்கட்கிழமை எங்கே திறக்குமோ என்று அவர்கள் முன்ஜாக்கிரதையாக ரேட்டைக் கொஞ்சம் கீழே வைத்திருப்பார்கள். இதைச் செய்தாலே போதும்.

கருவூலம்

மணி கேட்டது அது இல்லை. ஆனாலும் அதையே முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் இரண்டு தனித்தனி விஷயங்கள் இங்கே கலந்து கிடக்கின்றன.

திர்ஹம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டிவைக்கப்பட்ட காசு. அதனால் திர்ஹம் ரேட் என்று தனியாக ஒன்று கிடையாது, டாலர் ரேட்டை 3.6725ஆல் வகுத்தால் அதுதான். டாலர் 88.00 என்றால் திர்ஹம் 23.96. எக்ஸ்சேஞ்சில் 23.80 கொடுத்தால் 16 பைசா அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். 2000 திர்ஹமுக்கு அது 320 ரூபாய். அதோடு கட்டணம் 20 திர்ஹம், அதன் மேல் 5 சதவீதம் வாட் 1 திர்ஹம் என்று வைத்தால் இன்னொரு 500 ரூபாய். அதாவது எல்லோரும் ரேட்டையே பார்த்துக்கொண்டிருக்க, கட்டணம்தான் அதிகம் தின்கிறது. கூட்டினால் மாசம் 820, வருஷத்துக்குச் சுமார் 9,800 ரூபாய். இது உறுதியான செலவு. சந்தை எந்தப் பக்கம் போனாலும் போகும், பன்னிரண்டு முறையும் ஒரே பக்கமாகப் போகும்.

மணி கேட்பது மற்றது: டாலரே ரூபாய்க்கு எதிராக அசைவது. அதில் லாபமும் வரலாம், நட்டமும் வரலாம். அது சேரும் விதமே வேறு.

சிவகங்கை_பாலா

அதில் பயமே வேண்டாம். பன்னிரண்டு மாசம் பிரித்து அனுப்புகிறோம் இல்லையா, அதுவே பாதுகாப்பு. ஒரு மாசம் குறைந்தால் இன்னொரு மாசம் கூடும், சராசரியில் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடும். மியூச்சுவல் ஃபண்டில் மாசாமாசம் போடுகிற அதே தத்துவம்தான். மாசம் 1.3 சதவீதம் அசைந்தால் பன்னிரண்டில் சராசரி எடுக்கும்போது அது 0.4 சதவீதம்கூட வராது.

கருவூலம்

பாலா சொல்வதில் பாதி சரி. பிரித்து அனுப்புவது ஆபத்தைக் குறைக்கிறது. ஆனால் "அடித்துக்கொண்டு போய்விடும்" என்பது ஒவ்வொரு மாச ரேட்டும் முந்தைய மாசத்தை மறந்துவிட்டுப் புதிதாக வரும் என்றால்தான் நடக்கும். ரேட் அப்படி வருவதில்லை. பிப்ரவரியில் இறங்கினால், மார்ச் அந்த இறங்கிய இடத்திலிருந்துதான் தொடங்கும். பிப்ரவரியில் விழுந்த ஒரு ரூபாய் அந்த மாசப் பணத்தை மட்டும் தொடுவதில்லை, டிசம்பர் வரை அனுப்பும் பதினோரு மாசத்தையும் தொடும். டிசம்பரில் விழும் ஒரு ரூபாய் அந்த ஒரு மாசத்தோடு முடிந்துபோகும்.

2017ஐ எடுத்துப் பாருங்கள். டாலரின் மாதச் சராசரி ஜனவரி தொடங்கி டிசம்பர் வரை இப்படி இருந்தது: 68.1, 67.1, 65.9, 64.5, 64.4, 64.4, 64.5, 64.0, 64.4, 65.1, 64.9, 64.2. (சந்தை ரேட், ஒரு தசமத்துக்குச் சுருக்கியது.)

2000 திர்ஹம் என்பது 544.6 டாலர். ஜனவரி ரேட்டே வருஷம் முழுக்க நின்றிருந்தால் 4,45,000 ரூபாய் வந்திருக்கும். உண்மையில் வந்திருக்கக்கூடியது 4,25,600. குறைவு சுமார் 19,400.

இந்த 19,400 எங்கிருந்து வந்தது என்று பிரித்தால்தான் விஷயம் புரியும். பிப்ரவரியில் 1.0 இறக்கம், அது 11 மாசத்தைத் தொட்டது: 11.0. மார்ச்சில் 1.2, பத்து மாசம்: 12.0. ஏப்ரலில் 1.4, ஒன்பது மாசம்: 12.6. மூன்றும் சேர்ந்து 35.6. வருஷத்தின் மொத்தக் குறைவு 35.7தான், அதை 544.6 டாலரால் பெருக்கினால் வருவதுதான் அந்த 19,400. அதாவது ஏப்ரலுக்குள்ளேயே கதை முடிந்துவிட்டது. மே முதல் டிசம்பர் வரை ஏறியது, இறங்கியது எல்லாம் கூட்டிக் கழித்தால் 0.1, அதாவது ஐம்பத்து நாலு ரூபாய். பாலா சொன்ன அடித்துக்கொள்ளல் அந்த எட்டு மாசத்தில் நடக்கத்தான் செய்தது, ஆனால் தாழ்ந்துபோன மட்டத்தில் நடந்தது.

இன்னொரு வகையில் சொன்னால், ஏப்ரலின் 1.4 இறக்கத்தின் விலை 6,860 ரூபாய். டிசம்பரில் அதில் சரிபாதி 0.7 இறங்கியது, அதன் விலை 380 ரூபாய்தான்.

சிவகங்கை_பாலா

உத்தரப் பிரதேசத் தேர்தல் முடிவு வந்து வெளிநாட்டுப் பணம் குவிந்த வருஷத்தைத் தேடிப்பிடித்துப் போட்டுவிட்டீர்கள். எல்லா வருஷமும் 2017 ஆகுமா? 2023ல் டாலர் 82, 83ஐ விட்டு நகரவே இல்லையே.

கருவூலம்

ஆகாது. வேண்டுமென்றேதான் அதை எடுத்தேன், வளைகுடாக்காரர்களுக்கு நட்டம் எப்படி வரும் என்று காட்ட. பொதுக் கணக்கு வேண்டுமென்றால் நீங்கள் சொன்ன 1.3 சதவீதத்தையே வைத்துக்கொள்வோம்.

முதல் மாசம் இன்றைய ரேட், பிறகு பதினோரு அசைவுகள். அவற்றின் எடை 11, 10, 9 என்று இறங்கி 1 வரை. எடைகளின் வர்க்கங்களைக் கூட்டினால் 506. அதை 12இன் வர்க்கமான 144ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.87. ஆக வருஷச் சராசரி ரேட்டின் வழக்கமான விலகல் 1.3 பெருக்கல் 1.87, சுமார் 2.4 சதவீதம். நீங்கள் சொன்ன 0.4ஐப் போல் ஆறு மடங்கு. மொத்தத்தையும் சேர்த்துவைத்து டிசம்பரில் ஒரே தடவையாக அனுப்பினால் 4.3 சதவீதம். பிரித்து அனுப்புவது ஆபத்தைப் பாதியை ஒட்டிக் குறைக்கிறது, இல்லாமல் ஆக்குவதில்லை.

மணியின் தொகைக்கு 2.4 சதவீதம் என்றால் வருஷத்துக்குச் சுமார் 13,800 ரூபாய் அங்கே இங்கே. அதைப்போல் இரண்டு மடங்கு விலகும் வருஷமும் எப்போதாவது வரும். 2017 அந்த வகைக்குக் கிட்ட இருந்தது. 2023 மாதிரி அமைதியான வருஷங்களில் 1.3 என்பதே அதிகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வருஷம் அமைதியாக இருந்தது என்பது முடிந்த பிறகுதான் தெரியும்.

கீழக்கரை_நானா

தம்பிமார்களே, இவ்வளவு வர்க்கமூலம் வேண்டாம். ரூபாய் என்றைக்கும் விழத்தான் செய்யும். 2014 நடுவில் டாலர் 60, 2025 நடுவில் 85க்கு மேல். ரேட் மோசமான நேரத்தில் கையில் வைத்திருக்கணும், நல்ல நேரத்தில் அனுப்பணும். 2017ல் 64க்கு அனுப்பாமல் வைத்திருந்தவன் 2018 அக்டோபரில் 73க்கு மேல் அனுப்பினான். அவ்வளவுதான் ரகசியம்.

மீனா_தணிக்கை

நானா, அந்தக் கணக்கை முழுசாகப் போட்டுப் பாருங்கள். 2017 ஏப்ரலில் 64.5, 2018 அக்டோபர் சராசரி 73.6. பதினெட்டு மாசத்தில் 14 சதவீதம் லாபம். இதைவிடக் கச்சிதமாக யாராலும் நேரம் பார்த்திருக்க முடியாது. ஆனால் அந்தப் பதினெட்டு மாசமும் ஊரில் தவணை கட்டியாக வேண்டும். நகையை அடகு வைத்தோ கைமாற்று வாங்கியோ 11 சதவீத வட்டிக்குக் கட்டினால் வட்டி மட்டும் 16.5 சதவீதம். ஆக, பின்னால் நடக்கப்போவது முழுக்கத் தெரிந்திருந்தும் நட்டம்தான். வட்டி 9 என்றால் 13.5, கிட்டத்தட்டக் கைக்கும் வாய்க்கும் சரி. கடனே இல்லாதவருக்கு மட்டும்தான் நீங்கள் சொல்வது லாபம்.

நீங்கள் கொடுத்த நீண்டகாலக் கணக்கும் அதையே சொல்கிறது. 60லிருந்து 85 சொச்சம் பதினோரு வருஷத்தில் என்றால் ஆண்டுக்கு 3 சதவீதத்துக்குச் சற்று மேல். துபாய் சம்பளக் கணக்கில் வட்டியில்லாமல் கிடக்கும் காசு வருஷம் 3 சதவீதம் கூடும் என்று காத்திருந்து, ஊரில் 9 சதவீதம் வட்டி கட்டுவது என்ன நியாயம்?

கீழக்கரை_நானா

கடன்காரன் கணக்கு வேறதான். நான் சொன்னது கையில் மிச்சம் வைக்கிறவனுக்கு.

பாரு_குமரன்

ரூபாய் விழுந்தால் அனுப்புகிறவனுக்கு லாபம் என்பதே வளைகுடாவில் மட்டும் சரி. மலேசியாவில் இருப்பவர்கள் 2014 நடுவிலிருந்து 2015 செப்டம்பர் வரை பாருங்கள். டாலருக்கு எதிராக ரூபாய் 60லிருந்து 66க்குப் போனது, ஆனால் ரிங்கிட் 3.2லிருந்து 4.4க்குப் போய்விட்டது. ரிங்கிட்டுக்கு 18.75 வாங்கினவர்களுக்கு 15 ரூபாய். ரூபாய் விழுந்த காலத்திலேயே வீட்டுக்குப் போனது ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. எந்தக் காசில் சம்பளம் வாங்குகிறோம் என்று சொல்லாமல் "ரூபாய் விழும்" என்பதற்கு அர்த்தமே இல்லை.

மட்டுநகர்_ரஞ்சன்

நான் கட்டார். எங்கட பக்கம் இதுக்குத் தலைகீழ். 2022 மார்ச்சில இலங்கை மத்திய வங்கி ரூபாயைக் கைவிட, டொலர் 203இல இருந்து மே மாசத்துக்குள்ள 360க்குப் போச்சு. கட்டார் ரியால் டொலருக்கு 3.64, அப்ப ஒரு ரியாலுக்கு 56 ரூபா கிடைச்சது 99 ஆச்சு. 77 வீதம் கூட. இது பெரிய லாபம் எண்டுதானே சொல்லவேணும்? ஆனா வீட்டில காசு காணாது எண்டுதான் கதை.

மீனா_தணிக்கை

ரஞ்சன் அண்ணா, வீட்டில் சொல்வது சரி. கொழும்பு விலைக் குறியீடு 2022 செப்டம்பரில் ஒரு வருஷத்துக்கு முந்தையதைவிட 69.8 சதவீதம் மேலே இருந்தது. உணவு மட்டும் எடுத்தால் 94.9 சதவீதம். வீட்டுச் செலவில் சாப்பாடுதான் பெரும்பங்கு என்றால் கூடக் கிடைத்த 77 போதாது, உண்மையில் குறைந்துதான் போயிருக்கிறது.

பிறகு நடந்தது இன்னும் கவனிக்க வேண்டியது. 2023 நடுவில் டாலர் 300ஐ ஒட்டி இறங்கியது. அனுப்பும் ரியாலுக்குக் கிடைப்பது ஆறில் ஒரு பங்கு குறைந்தது, ஆனால் கடையில் ஏறிய விலை அந்த அளவுக்கு இறங்கி வரவில்லை. ஏற்றத்தில் கிடைத்ததை விலைவாசி தின்றது, இறக்கத்தில் வந்த குறைவை வீடு தாங்கியது. நிஜமாக லாபம் பார்த்தவர்கள் ஊரில் ரூபாயில் பழைய கடன் வைத்திருந்து, 2022 நடுவில் அதை மொத்தமாக அடைத்தவர்கள். கடன் தொகை விலைவாசியோடு ஏறுவதில்லை.

மட்டுநகர்_ரஞ்சன்

ஏஜென்சிக் கடன் இருந்தது. அதைக் கட்டாமல் வீட்டுக்கே அனுப்பினன். விளங்குது.

சோனாப்பூர்_மணி

சரி, என் கதைக்கு வாங்க. தவணையும் வீட்டுச் செலவும் ரூபாயில் நிலையாக நிற்கிறது, நான் அனுப்புவது திர்ஹமில் நிலையாக நிற்கிறது. எதை மாற்றுவது?

ரேட்வேட்டை

பின்னால் வரும் தேதிக்கு இன்றே விலை பேசி முடிக்கும் ஃப்யூச்சர்ஸில் டாலரை விற்று வைத்துவிடுங்கள், ரேட் பூட்டிவிடும். கம்பெனிகள் எல்லாம் அதைத்தான் செய்கின்றன.

கருவூலம்

கம்பெனிக்குச் சரி. இந்தியச் சந்தையில் ஒரு லாட் 1000 டாலர், மணி மாசம் அனுப்புவது 545 டாலர். பாதி லாட் கிடையாது. மார்ஜின் பணம் கட்டிவைக்க வேண்டும், ரேட் எதிர்ப்பக்கம் போனால் நாளுக்கு நாள் இன்னும் கட்ட வேண்டும். போதாததற்கு, 2024 மே முதல் ரிசர்வ் வங்கி இந்தச் சந்தையில் நிஜமான அந்நியச் செலாவணி வரவுசெலவு உள்ளவர்கள்தான் இருக்கலாம் என்பதை இறுக்கிப் பிடித்திருக்கிறது. தவணைப் பணத்தை வைத்து அங்கே போக வேண்டாம்.

மணிக்கு இதைவிட எளிய வழி இருக்கிறது. அனுப்பும் திர்ஹமை நிலையாக வைக்காமல், போய்ச்சேரும் ரூபாயை நிலையாக வையுங்கள். ஆபத்து அழியாது, வீட்டிலிருந்து உங்கள் துபாய் செலவுக்கு இடம் மாறும். அங்கே அது எவ்வளவு சின்னது என்று பாருங்கள். 2017இன் வடிவத்திலேயே அடுத்த வருஷம் அமைகிறது, தொடக்க ரேட் 23.80 என்று வைப்போம். மிக மோசமான மாசத்தில் ரேட் 22.37. அன்றைக்கு 46,000 அனுப்ப 2057 திர்ஹம் வேண்டும். வழக்கத்தைவிட 57 திர்ஹம் கூட. அந்தப் பக்கம் ஒரு மாசம் 57 திர்ஹம் இழுத்துப்பிடிக்கலாம். இந்தப் பக்கம் தவணைக்கு 1,270 ரூபாய் குறைந்தால் காசோலை திரும்பும், அபராதம் விழும், கடன் மதிப்பெண்ணும் அடிவாங்கும்.

மீனா_தணிக்கை

57 திர்ஹம்கூடச் சில மாசம் முடியாமல் போகலாம், சம்பளம் தள்ளிப்போகலாம். அதனால் ஊரில் தவணை போகும் கணக்கில் ஒரு தனி இருப்பும் இருக்கட்டும். எவ்வளவு என்று கருவூலம் போட்ட வடிவத்தையே வைத்துப் பார்த்தேன். மாசம் 2000 திர்ஹமே அனுப்பினால் ஜனவரி முதல் மார்ச் வரை 46,000க்கு மேல் மொத்தம் 2,560 மிஞ்சும். ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஒன்பது மாசமும் குறையும், கூட்டினால் 8,300. ஆக 10,000 ரூபாய் இருப்பு இருந்தால் 2017 மாதிரி வருஷத்தை யாரிடமும் கை நீட்டாமல் கடக்கலாம்.

இதில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ரேட் நல்லா இருக்கும் மாசத்தில் வீட்டுக்குக் கூடப் போகும் 1,600 ரூபாய் அந்த மாசமே செலவாகிவிடும். நாலு மாசம் அப்படிப் போனால் வீட்டுச் செலவே 11,600 என்று நிலைத்துவிடும், பிறகு ரேட் இறங்கும்போது குறைவு இரட்டிப்பாகத் தெரியும். மிச்சம் தனிக் கணக்குக்குப் போகட்டும். இருப்பு நிறைந்ததும் கடன் அசலில் கட்டுங்கள். உங்கள் வீட்டுக் கடன் மாறும் வட்டியில் இருந்தால் முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது.

சிவகங்கை_பாலா

இரண்டு மாசத்துக்கு ஒருமுறை அனுப்பினால் கட்டணம் பாதி ஆகுமே? வருஷம் ஆறு தடவைக்கு 3,000 ரூபாய் மிச்சம்.

கருவூலம்

ஆகும், அது நல்ல யோசனைதான், முன்னால் அனுப்பினால். அதாவது இரண்டு மாசத் தொகையை முதல் மாசமே அனுப்ப முடிந்தால் கட்டணமும் குறைகிறது, ரேட் ஆபத்தும் குறைகிறது. இரண்டாவது மாசம் வரை காத்திருந்து அனுப்பினால் கட்டணம் குறைந்து ஆபத்து கொஞ்சம் கூடும், தவணையும் ஒரு மாசம் இடறும். முதல் தடவை 4000 திர்ஹம் திரட்டுவதுதான் கஷ்டம்.

கீழக்கரை_நானா

கடன் அடைந்த பிறகு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? அப்போதும் மாசாமாசம் ரூபாய் ஆக்கணுமா? நான் டாலரிலேயே வைக்கச் சொல்வேன்.

மீனா_தணிக்கை

எஃப்சிஎன்ஆர் வைப்பில் டாலராகவே போடலாம், ஒரு வருஷத்திலிருந்து ஐந்து வருஷம் வரை. ஆனால் என்ஆர்இ ரூபாய் வைப்பின் வட்டி பல நேரங்களில் அதைவிட 2, 3 சதவீதம் கூட இருக்கும். ரூபாய் வருஷத்துக்கு விழும் அளவும் கிட்டத்தட்ட அதுவே. ஊரில் வீடு கட்டவா, பிள்ளையை வெளிநாட்டில் படிக்கவைக்கவா என்பதைப் பொறுத்து நான் மாற்றிச் சொல்வேன்.

கருவூலம்

நான் நானாவுக்கு எதிர்ப்பக்கம். துபாயில் வேலை பார்ப்பவர் கையில் ஏற்கெனவே டாலர் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. பணிக்கொடை முதல் ஐந்து வருஷம் ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குப் பிறகு 30 நாள், எல்லாம் திர்ஹமில் சேர்ந்துகொண்டே இருக்கிறது. வேலை முடியும் நாளில் மொத்தமாக ஒரே ரேட்டில் மாறும். இனி வரப்போகும் சம்பளமும் அதே காசு. அதற்கு மேல் சேமிப்பையும் டாலரில் வைத்தால் எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்.

கீழக்கரை_நானா

சாயட்டுமே. பதினோரு வருஷமாக அந்தப் பக்கம்தானே ஜெயித்திருக்கிறது.

சோனாப்பூர்_மணி

இந்த மாசத்திலிருந்து ரூபாயை நிலையாக வைத்து அனுப்பிப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம்: எக்ஸ்சேஞ்ச் ஆப்பில் ரூபாய்த் தொகையைக் கொடுத்து, எத்தனை திர்ஹம் என்று கேட்க முடியுமா, அல்லது நானே வகுத்துப் போடணுமா?

ரேட்வேட்டை

பெரும்பாலான ஆப்பில் இரண்டு கட்டம் இருக்கும். "பெறுபவருக்கு" என்ற கட்டத்தில் 46000 அடித்தால் மேலே திர்ஹம் தானாக மாறும். கட்டணம் அதற்குள் அடக்கமா, தனியா என்று மட்டும் பணம் கட்டும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். தனி என்றால் 21 திர்ஹம் கூட வைத்திருக்கணும்.